மடைக்குக் கீழே முளைக்கும் நகர்கள்

"மதுரையைச் சுத்தி எங்க பார்த்தாலும் புதுசு புதுசா நகர் முளைக்குது. இந்தப் புறநகரெல்லாம் எப்படி உருவாகுது? அங்க குடிபோனா தினப்படி வாழ்க்கை எப்படி இருக்கும்? ஊமச்சிகுளம் பக்கம் மூணு சென்ட் பார்த்து வச்சிருக்கோம், அதான் கேக்குறேன்."

மதுரை வட்டமாகப் பெருகுவதில்லை, சாலையைப் பிடித்துக்கொண்டு நீள்கிறது. நத்தம், அழகர்கோவில், மேலூர், சிவகங்கை, ராமேஸ்வரம், அருப்புக்கோட்டை, திருமங்கலம், தேனி, திண்டுக்கல், அலங்காநல்லூர் என்று பத்துச் சாலைகள் ஊருக்குள்ளிருந்து விரல்களைப்போல விரிகின்றன. டவுன் பஸ் போகும் சாலையோரத்தில்தான் முதல் வீடுகள் எழும். பிறகு அங்கிருந்து உள்ளே தெருக்கள் பிரியும். இரண்டு சாலைகளுக்கு நடுவே கிடக்கும் வயக்காடு கடைசியில்தான் நிரம்பும். இப்போது மலிவாகக் கிடைக்கும் மனைகள் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன.

ஒரு சாலையில் எந்த இடத்தில் வீடுகள் சேரும் என்பதைப் பல சமயம் ஒரு பெரிய நிறுவனம் தீர்மானிக்கிறது. ஹார்விபட்டி, மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர். 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் தேனி சாலைக்கு வந்ததும் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி வாத்தியார்களும் அலுவலர்களும் மனை வாங்கிக் குடியேறினார்கள். ஒத்தக்கடை பக்கம் வேளாண் கல்லூரி முதலிலேயே இருந்தது. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை திறந்த பிறகு அந்தச் சாலையின் முகமே மாறியது. தோப்பூரில் 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்முன்பே சுற்றுவட்டாரத்தில் மனை விளம்பரப் பலகைகள் எழுந்துவிட்டன. உங்கள் நத்தம் சாலையில் இந்த வேலையைச் செய்தது 2023-இல் திறந்த பறக்கும் பாலம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், செட்டிகுளம் பக்கம் போய் இறங்குகிறது. ஊமச்சிகுளத்திலிருந்து தல்லாகுளம் வர ஆகும் நேரம் குறைந்தது. அதே வேகத்தில் சென்ட் விலை கூடியது.

இவ்வளவும் சாலையின் கதை. வீடு கட்டிக் குடிபோனவர்களின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்: ஊமச்சிகுளம், செட்டிகுளம், ஆலங்குளம், மாடக்குளம், உலகனேரி, கண்ணனேந்தல், கருப்பாயூரணி. குளம், ஏரி, ஏந்தல், ஊரணி எல்லாமே நீர்நிலைக்குத்தான் பெயர். ஒரு கண்மாய், அதன் கரைக்குக் கீழே மடை, மடையிலிருந்து பிரியும் வாய்க்கால், அந்த வாய்க்கால் பாயும் நஞ்சை, கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் ஓடை. மதுரையைச் சுற்றியுள்ள நிலம் இப்படித்தான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது. புறநகர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மடைக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு வயல்தான்.

ஒரு வயல் நகராக மாறும் வழி இதுதான். முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கோ மேலே அடைபடும், அல்லது விவசாயத்துக்கு ஆள் கிடைக்காது. நிலம் இரண்டு மூன்று வருடம் தரிசாகக் கிடக்கும், சீமைக்கருவேல் மண்டும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறிவிட்டால், நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கேட்பது எளிதாகிவிடும். நஞ்சையை வீட்டுமனையாக மாற்ற வேளாண் துறையின் கருத்தையும் கேட்பார்கள் என்பதால், தரிசாகப் போட்டு வைப்பதே பாதி வேலை. பிறகு ஒருவர் பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒப்பந்தம் போட்டு ஒன்றாகச் சேர்ப்பார்.

மூன்று ஏக்கர் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 300 சென்ட், 1,30,680 சதுர அடி. இதில் தெருக்களுக்கு நூற்றுக்கு 28 போனால் மீதி ஏறத்தாழ 94,000. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், தெரு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது உபயோகத்துக்கு விட்டாக வேண்டும். மூன்று ஏக்கர் என்பது 12,000 சதுர மீட்டருக்கு மேல், எனவே இந்த விதி பொருந்தும். அதுவும் போக, 30-க்கு 40 அடி அளவில் சுமார் 70 மனைகள் தேறும். ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட். உங்கள் மூன்று சென்ட் இதைவிடச் சற்றுப் பெரியது. 300 சென்ட் வாங்கியவர் விற்க முடிவது 195 சென்ட்டைத் தாண்டாது. சென்ட் விலையைக் கேட்டு மலைக்கும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வையுங்கள். அதேபோல, பக்கத்து மனைப்பிரிவைவிட ஓர் இடம் ரொம்பவும் மலிவாக இருந்தால், தெருவின் அகலத்திலோ பொது இடத்திலோ எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது நியாயம்.

அங்கீகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று முன்பு விற்றதெல்லாம் மனைப்பிரிவுக்கான அங்கீகாரமே அல்ல. நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபியின் ஒப்புதல்தான் கணக்கில் வரும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவெண்ணும் இருக்க வேண்டும். 20.10.2016-க்கு முன்பு பதிவான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறீர்கள் என்றால், அந்த வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தெருக்களை ஊராட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்த நகலையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத தெரு, சட்டப்படி இன்னும் விற்றவருடையது. ஊராட்சி அங்கே விளக்குப் போடாது, தார் போடாது. பத்து வருடமாகியும் மண் தெருவாகவே கிடக்கும் பல நகர்களில் காரணம் இதுதான், ஊராட்சித் தலைவரின் அலட்சியம் அல்ல.

இனி தண்ணீர் எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். வயலாக இருந்தபோது அந்த மூன்று ஏக்கரும் ஒரே மட்டத்தில் இருந்திருக்காது. மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் ஒரு சாண், இரண்டு சாண் இறக்கம் இருக்கும். மேலே நிரம்பிய தண்ணீர் வரப்பில் வெட்டிய வாமடை வழியாகக் கீழே இறங்கும். பெரிய வாய்க்கால்களுக்கு அரசுப் பதிவேட்டில் தனிப் புல எண் உண்டு, 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். ஆனால் வயலுக்கு வயல் பாய்ந்த சின்ன வாய்க்கால்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடியவை, பல இடங்களில் எந்த வரைபடத்திலும் இல்லாதவை. மனைப்பிரிவு வரைபடத்தில் அவற்றின் சுவடே வராது. எல்லா ஒப்புதலும் முறையாக வாங்கிய நகரில்கூடத் தண்ணீர் நிற்பது இதனால்தான்.

நிலத்தைச் சமப்படுத்தி, கிராவல் கொட்டி, ஒன்றரை அடி உயரத்தில் தெரு போடுவார்கள். இறக்கத்துக்குக் குறுக்கே போடும் தெரு அத்தனையும் ஒரு சின்னக் கரைதான். தெருவுக்கு மேல்பக்கம் இருக்கும் மனையில் தண்ணீர் தேங்கும், கீழ்பக்கம் இருக்கும் மனை காய்ந்து கிடக்கும். அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்திருப்பார்கள்; இரண்டு மழைக்காலம் போனால் வண்டலும் பாலித்தீன் பையும் அடைத்துக்கொள்ளும். ஐப்பசியில் ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், மூன்று ஏக்கரில் மட்டும் விழுவது ஆறு லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஐம்பது லாரித் தண்ணீர். இதோடு மேலே இருக்கும் கண்மாயும் மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடி வரும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் மதுரையின் வடபகுதித் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஆக, மனையைச் சித்திரையில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். மழை இல்லாத மாதம் என்றால் வேறு அடையாளங்கள் உண்டு. பக்கத்து மோட்டார் ரூம் சுவரிலும் மின்கம்பத்தின் அடியிலும் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு நின்றிருக்கிறது. கோரைப் புல்லும் சம்புப் புல்லும் நெய்வேலிக் காட்டாமணக்கும் செழித்திருந்தால், அந்த இடம் வருடத்தில் பல வாரம் ஈரம் காயாத இடம். அக்கம்பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் "மனை எப்படி?" என்று கேட்காதீர்கள். "கண்மாய்க்கு மடை எது, கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் எந்த வழியாப் போகும்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை நீளும் திசையில் உங்கள் மனை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் eservices.tn.gov.in தளத்திலும், வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்திலும் பார்க்கலாம். உங்கள் புல எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், நான்கு பக்கமும் ஒட்டியுள்ள எண்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று வாய்க்கால் என்றால், அது இன்று தரையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய்ப் பாருங்கள்.

மனை தாழ்வாக இருந்தால் மண்ணடித்து உயர்த்தலாம்தான். செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 1,200 சதுர அடியை மூன்று அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண் வேண்டும். கொட்டிய மண் அமரும், அதனால் கால்வாசி கூட்டி 45 யூனிட் என்று வையுங்கள். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 15 நடை. அடிக்கு அடி தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து இறுக்காமல் ஒரே மூச்சில் கொட்டினால், இரண்டு மழைக்குப் பிறகு வாசல்படியும் தளமும் தனித்தனியாகப் பிரியும். அஸ்திவாரத்தை எந்த நாளும் கொட்டிய மண்ணில் நிறுத்தக் கூடாது, பழைய வயல் மண்ணையும் தாண்டிக் கெட்டித்தரை வரை இறக்க வேண்டும். நஞ்சைக் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். கதவு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்வதும், சன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுவதும் அதன் அடையாளம். தெற்கே திருமங்கலம், வலையங்குளம் பக்கம் கரிசலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நீங்கள் உயர்த்தினால் பக்கத்து மனை பள்ளமாகும், அவர் அடுத்த வருடம் உங்களைவிட அரை அடி உயர்த்துவார், தெருவை மறுபடி போடும்போது அதுவும் உயரும். இதனால் புறநகரில் முதலில் கட்டியவர் வீடுதான் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும்.

மழைக்காலத்தில் தண்ணீர் வடியாத அதே நகரில் பங்குனி, சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குவார்கள். வயல் பாய்ந்தவரை நிலத்தடியில் ஊறிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது, அதன்மேல் வீட்டுக்கு வீடு போர் போட்டாயிற்று. எழுபது மனையில் எழுபது போர்வெல். முதலில் போட்டவருக்கு மேலேயே கிடைத்திருக்கும், பின்னால் வந்தவர் ஆழமாக இறக்குவார், மேலே இருந்தவரின் தண்ணீரும் இறங்கிவிடும். பல இடங்களில் கிடைப்பது உப்புத் தண்ணீர், துணி துவைக்கச் சோப்பு நுரைக்காது. ஊராட்சிக் குழாயில் வருவது நாள் விட்டு நாளோ வாரம் இரண்டு நாளோ, ஊருக்கு ஊர் மாறும். குடிக்கச் சமைக்க, காலையில் மணியடித்துக்கொண்டு வரும் வேனில் குடம் கணக்கில் வாங்குவது வழக்கமாகிவிட்டது.

இதற்கு வீட்டில் செய்ய வேண்டியது சம்ப் அளவைச் சரியாக வைப்பது. ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். 6,000 லிட்டர் லாரி பதினொரு நாள் வரும். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழத்தில் கட்டிய சம்ப் 8,150 லிட்டர் பிடிக்கும். அதில் நாலு நாள் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே லாரிக்குச் சொல்லிவிடலாம், முழு லாரியும் கொள்ளும். 5,000 லிட்டருக்குக் கட்டியவர்கள் முழு லாரிக்குப் பணம் கொடுத்துவிட்டு மீதியை வாங்க இடமில்லாமல் நிற்கிறார்கள். கோடையில் சொன்ன அன்றே லாரி வராது, மூன்று நாள் இழுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த நாலு நாள் கணக்கு.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது கழிவறைத் தொட்டியை. புறநகரில் பாதாளச் சாக்கடை கடைசியாகத்தான் வரும், அதுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க். போர்வெல்லுக்கும் அதற்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். 30-க்கு 40 மனையின் மூலைக்கு மூலை அளவே சரியாக 50 அடிதான்! ஈசானியத்தில் போர், எதிர் மூலையில் தொட்டி என்று நீங்கள் கச்சிதமாக வைத்தாலும், பின்வீட்டுக்காரரின் தொட்டி உங்கள் போருக்குப் பத்தடியில் இருக்கலாம். இதைத் தனியாக யாராலும் சரிசெய்ய முடியாது. நகரில் நாலு வீடு வரும்போதே உட்கார்ந்து பேசி, எல்லோரும் தொட்டியைத் தெருப்பக்கம், போரைப் பின்பக்கம் என்று ஒரே மாதிரி வைத்தால்தான் உண்டு. செலவை மிச்சம் பிடிக்க அடிப்பகுதி பூசாமல் சிமெண்ட் உறை மட்டும் இறக்கி அதையே செப்டிக் டேங்க் என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டியாகக் கட்டி, வெளிவரும் நீரைத்தான் உறிஞ்சுகுழிக்கு விட வேண்டும். ஒழுங்கான தொட்டிக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட்டால் போதும். கார்த்திகையில் மட்டும் கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்கி, தையில் தானாகச் சரியானால் தொட்டி நிறையவில்லை. கண்மாய் நிறைந்து நிலத்தடி நீர் மேலே வந்து, குழி உறிஞ்ச மறுக்கிறது. அப்போது லாரி கூப்பிட்டால் இரண்டு நாளில் மறுபடி நிரம்பும். காசு வீண்.

சாலையைப் பிடித்து நீளும் வளர்ச்சியின் விளைவு போக்குவரத்தில் தெரியும். ஊமச்சிகுளத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கோ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கோ வருவது எளிது. தேனி சாலையில் இருக்கும் கல்லூரிக்கோ கப்பலூர் தொழிற்பேட்டைக்கோ போவதென்றால் ஊருக்குள் வந்து மாறித்தான் போக வேண்டும், கூடுதலாக ஒரு மணி நேரம். வேலை ஒரு விரலிலும் வீடு இன்னொரு விரலிலும் அமைந்தால் டூவீலர் இல்லாமல் முடியாது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது புறநகர்க் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பஸ் மெயின் ரோட்டில் நிற்கும். அங்கிருந்து உங்கள் மனை வரை இருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் கஷ்டமே. இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாத அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள், நாய்கள் உட்பட எல்லாம் தெரிந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் எந்த உள்ளாட்சிக்குள் வருவீர்கள் என்பது. 2011-இல் மதுரை மாநகராட்சி விரிந்தபோது திருப்பரங்குன்றம், ஆனையூர், அவனியாபுரம் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும், திருப்பாலை, கண்ணனேந்தல் உள்ளிட்ட ஊராட்சிகளும் உள்ளே வந்து நூறு வார்டு ஆயிற்று. சேர்ந்த உடனே வீட்டு வரி கூடியது. குழாயும் சாக்கடையும் வரப் பல வருடம் பிடித்தது. ஊராட்சியாக இருக்கும்வரை வரி குறைவு, தலைவரை நேரில் பிடித்துப் பேசலாம், ஊர்க்காரர்களுக்கு அரசின் ஊரக வேலைத் திட்டமும் உண்டு. அதனால் மாநகராட்சியில் சேர்ப்பதைப் பழைய ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்கள், நகர்க்காரர்கள் விரும்புவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் குடிபோனதும் ஊர்த் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் மனமாரக் கொடுங்கள். மறுகால் ஓடையைத் தூர்வார வேண்டும் என்று மனு எழுதும்போது, அது ஓடிய வழியைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அந்த மூன்று சென்ட்டுக்கு இன்னும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால், ஐப்பசி முடியும்வரை பொறுங்கள். அதற்குள் விலை கொஞ்சம் ஏறினாலும் பதினைந்து டிப்பர் மண்ணின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.